இருண்டு தெரிவதெல்லாம் வெள்ளமா?

2019 மார்ச் 14 இரவு, இடாய் என்ற புயல் மொசாம்பிக் நாட்டின் துறைமுக நகரமான பெய்ராவுக்கு அருகே கரையைக் கடந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் வாழும் ஊர் அது. மின்சாரம் போனது, தொலைபேசி போனது, நகரத்தை உள்நாட்டோடு இணைக்கும் நெடுஞ்சாலையும் அறுந்தது. ஆனால் காற்று ஓய்ந்த பிறகுதான் பெரிய ஆபத்து வந்து சேர்ந்தது. மேற்கே ஜிம்பாப்வே மலைகளில் கொட்டிய மழை, புங்வே, பூசி என்ற இரண்டு ஆறுகளின் வழியாக இறங்கிவந்து கடலோரச் சமவெளி முழுவதும் பரவியது. கூரைகளிலும் மரங்களிலும் ஏறியவர்கள் நாள்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். எந்தக் கிராமம் மூழ்கியது, எது தப்பியது என்று நிலத்தில் நின்றுகொண்டு சொல்ல யாராலும் முடியவில்லை.

வானத்திலிருந்து பார்க்கலாம் என்றால் அங்கேயும் சிக்கல். சாதாரணச் செயற்கைக்கோள்கள் நம் கேமரா போலவே சூரிய ஒளியை நம்பிப் படம் எடுப்பவை. புயலுக்குப் பிந்தைய நாட்களில் அவற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளை மேகம்தான். வெள்ளம் வரும் நாளும் மேகம் மூடும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், மீட்புப் பணிக்கு முதலில் கைகொடுப்பது ரேடார் செயற்கைக்கோள். பெய்ராவின் மேற்கே ஒரு பெரிய ஏரியே புதிதாக உருவாகியிருப்பதை ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1 செயற்கைக்கோள் மார்ச் 19 அன்று எடுத்த படம் காட்டியது.

அந்தப் படத்தை வெறும் கண்ணால் பார்த்தால் சாம்பல் நிறப் புள்ளிகளின் கூட்டமாகத்தான் தெரியும். அதிலிருந்து "இதுவரை தண்ணீர், இதற்குமேல் நிலம்" என்று கோடு போடுவது எப்படி? மிகப் பழைய, மிக எளிய, இன்றும் மிக அதிகமாகப் பயன்படும் வழி ஒன்று உண்டு. ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வது. அந்த எண்ணுக்கு வரம்பு என்று பெயர். வரம்பை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வரைபடத்தில் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் வெள்ளம் கூடும் அல்லது குறையும்.

தரையிலிருந்து ஏறத்தாழ 693 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சென்டினல்-1, ஐந்தரை சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட நுண்ணலையைப் பக்கவாட்டில் சாய்த்து அனுப்புகிறது. மேகமும் இருட்டும் இந்த அலையைத் தடுப்பதில்லை. தரையில் பட்டுத் திரும்பி வரும் பங்கை அது அளக்கிறது. அந்தப் பங்குக்குத்தான் பின்சிதறல் என்று பெயர். இரவில் குளக்கரையில் நின்று, அசையாத தண்ணீரின் மேல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வெளிச்சம் எதிர்க்கரைக்குப் போய்விடும். தண்ணீர் கறுப்பாகவே தெரியும். ஆனால் கரையில் உள்ள புல்லும் மண்கட்டியும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நம் கண்ணுக்கு நன்றாகப் படும். ரேடாருக்கும் இதே கணக்குதான். அமைதியான நீர்ப்பரப்பு அலையை அப்பால் தள்ளிவிடுகிறது. பயிர், புதர், உழுத மண் ஆகியவை ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே ரேடார் படத்தில் தண்ணீர் இருண்டும், நிலம் வெளுத்தும் இருக்கும்.

திரும்பி வரும் பங்கு மிகச் சிறியது என்பதால் அதை டெசிபல் கணக்கில் எழுதுவது வழக்கம். மைனஸ் 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 20 என்றால் நூறில் ஒரு பங்கு. மூன்று டெசிபல் குறைந்தால் பாதியாகிவிட்டது என்று பொருள். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சென்டினல்-1 இரண்டு வகையான அளவீடுகளைத் தருகிறது. செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பிச் செங்குத்தாகவே வாங்குவது ஒன்று. செங்குத்தாக அனுப்பிக் கிடைமட்டமாக வாங்குவது இன்னொன்று. பெய்ராவுக்குப் பலர் எடுத்துக்கொண்டது இரண்டாவது வகை. அதில் செடிகொடி உள்ள நிலம் பொதுவாக மைனஸ் 13 முதல் மைனஸ் 18 வரையிலும், திறந்த நீர்ப்பரப்பு மைனஸ் 24, 25 என்ற அளவிலும் இருக்கும்.

இடைவெளி தெளிவாக இருக்கிறதே, நடுவில் மைனஸ் 20 என்று கோடு போட்டால் முடிந்ததே என்று தோன்றலாம். அப்படிச் செய்பவர்களும் உண்டு. ஆனால் இந்த எண் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். படத்தின் நடுவில் உள்ள இடத்தையும் ஓரத்தில் உள்ள இடத்தையும் அலை வெவ்வேறு சாய்வில் தொடுகிறது. அதனாலும் எண் மாறும். எனவே எண்ணைப் படத்திடமே கேட்டு வாங்குவது நல்லது. படத்தில் உள்ள ஒவ்வொரு பிக்சலின் அளவையும் எடுத்து, எந்த அளவில் எத்தனை பிக்சல்கள் என்று வரைந்தால் இரண்டு மேடுகள் எழும். இருண்ட பக்கம் ஒரு மேடு, வெளுத்த பக்கம் ஒரு மேடு. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வரம்பை வைக்க வேண்டும். அந்தப் பள்ளத்தைக் கண்ணால் தேடாமல் கணக்கால் கண்டுபிடிக்கும் முறையை ஜப்பானியரான நொபுயுகி ஓட்சு 1979-இல் வெளியிட்டார். அவர் வெள்ளத்துக்காக அதைச் செய்யவில்லை. எந்தச் சாம்பல்நிறப் படத்தையும் இரண்டாகப் பிரிக்கும் பொது முறை அது. இன்றைக்கும் வெள்ள வரைபட நிரல்கள் பலவற்றில் அவர் பெயர் இருக்கிறது.

ஓட்சு முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு மேடுகளும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு முழுப் படம் 250 கிலோமீட்டர் அகலம் கொண்டது. அதில் வெள்ளம் நூற்றில் இரண்டு பங்குதான் என்றால், தண்ணீர் மேடு நிலத்தின் பெரிய மேட்டுக்குள் கரைந்துபோகும். அப்போது கணக்கு காட்டையும் வயலையும் பிரித்துவிட்டு, அதுதான் நீர்க்கோடு என்று சொல்லிவிடும். படம் அழகாகவே வரும். பிழை வெளியே தெரியாது. அனுபவமுள்ளவர்கள் முழுப் படத்தையும் சிறு சதுரங்களாக வெட்டி, தண்ணீரும் நிலமும் கலந்து கிடக்கும் சதுரங்களில் மட்டும் வரம்பைக் கணக்கிட்டு, பிறகு அதை முழுப் படத்துக்கும் பயன்படுத்துவது இதனால்தான்.

இதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரேடார் படத்தில் உப்பும் மிளகும் தூவியது மாதிரி ஒரு புள்ளிக்கூட்டம் எப்போதும் இருக்கும். ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள்கூடப் பல டெசிபல் வேறுபடும். அப்படியே வரம்பைப் போட்டால் வயல் முழுவதும் பொட்டுப் பொட்டாக வெள்ளம் வரும். ஐம்பது மீட்டர் சுற்றளவில் உள்ள பிக்சல்களைச் சராசரி எடுத்து முதலில் இதை அடக்குகிறார்கள். விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது: குறுகிய வாய்க்கால்களும் கரை ஓரங்களும் மங்கிப்போகும்.

ஒரே படத்தை வைத்து வரைந்தால் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. இருண்ட இடமெல்லாம் வெள்ளமா? புங்வே ஆறு எப்போதும் இருண்டுதான் இருக்கும். விமான ஓடுதளம், வழவழப்பான மணல்வெளி, மலையின் ரேடார் நிழல் ஆகியவையும் இருண்டே தெரியும். எனவே நடைமுறையில் நம்பகமான வழி, வெள்ளத்துக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து, எது புதிதாக இருண்டது என்று பார்ப்பது. இரண்டு படங்களும் செயற்கைக்கோள் ஒரே திசையில் ஒரே பாதையில் செல்லும்போது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பார்க்கும் கோணம் மாறினால் தரை மாறாமலே வெளிச்சம் மாறிவிடும்.

விண்வெளித் தகவலைப் பேரிடர்ப் பணிக்குக் கொண்டுசேர்க்கும் ஐ.நா. அமைப்பான யுஎன்-ஸ்பைடர், இந்த முறையை யாரும் பயன்படுத்தும்படி கூகுள் எர்த் எஞ்சின் நிரலாக வெளியிட்டிருக்கிறது. அது எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டே பெய்ராதான். மார்ச் 1 முதல் 10 வரையிலான படம் முன். 10 முதல் 23 வரையிலான படம் பின். உலகமெங்கும் மாணவர்களும் அலுவலர்களும் தங்கள் ஊர் வெள்ளத்துக்கு இந்த நிரலைத்தான் நகலெடுத்து ஓட்டுகிறார்கள். அதன் சாரம் இந்த இரண்டு வரிகளில் அடங்கும்:

```
var difference = after.divide(before);
var flood = difference.gt(1.25);
```

பின் படத்தை முன் படத்தால் வகுத்து, விடை 1.25-க்கு மேல் போனால் வெள்ளம் என்று குறிக்கிறது. ஒரு சோள வயலை எடுத்துக்கொள்வோம். வெள்ளத்துக்கு முன் மைனஸ் 16, பின் மைனஸ் 25. வகுத்தால் 1.56, வெள்ளம்தான். திரும்பி வந்த அலையின் பங்கு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது, சந்தேகத்துக்கு இடமில்லை.

இப்போது சற்றே உற்றுப் பார்க்க வேண்டும். எர்த் எஞ்சினில் உள்ள அந்தப் படங்கள் ஏற்கெனவே டெசிபலில் இருக்கின்றன. டெசிபல் மடக்கைக் கணக்கு. அதில் ஒப்பிட வேண்டுமானால் கழிக்க வேண்டும், வகுக்கக் கூடாது. வகுத்தால் என்ன கெடும்? முன்பு மைனஸ் 12 இருந்த அடர்ந்த பசுமை நிலம் மைனஸ் 15-ஐத் தாண்டிக் கீழே இறங்கினாலே 1.25 ஆகிவிடும். மூன்று டெசிபல் இறக்கம் போதும், அதாவது அலை பாதியானால் போதும். அறுவடை முடிந்தாலே இந்த அளவு இறக்கம் வரக்கூடும். முன்பே மைனஸ் 20 இருந்த வெற்று நிலமோ மைனஸ் 25 வரை இறங்கியாக வேண்டும். ஐந்து டெசிபல், மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த இடத்தில் கருவியின் சொந்த இரைச்சலே ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். உண்மையான வெள்ளம்கூட வரம்பைத் தொடாமல் நின்றுவிடலாம். ஒரே எண்தான். ஆனால் பசுமை நிலத்துக்கு அது தளர்ந்த கோடு, வெற்று நிலத்துக்கு இறுகிய கோடு. பெய்ராவின் சமவெளியில் பெரும்பகுதி நடுத்தரப் பசுமை என்பதால் முறை நன்றாகவே வேலை செய்தது. அந்த 1.25-ஐ அப்படியே கொண்டுபோய் வறண்ட நாட்டில் போட்டால்தான் சங்கடம். கழித்தல் முறையில் எழுதினால் எல்லா நிலத்துக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும்:

```
var flood = after.subtract(before).lt(-3);
```

இதில் மைனஸ் 3 என்பதும் வேதவாக்கு அல்ல. ஆனால் அலை பாதியாகக் குறைந்த இடம் என்று அதற்கு ஒரு தெளிவான பொருள் இருக்கிறது. யாரும் கேள்வி கேட்கலாம், மாற்றிப் பார்க்கலாம். மூன்றையும் நான்கையும் ஐந்தையும் போட்டுப் பார்த்து, வெள்ளப் பரப்பு சிறிதே மாறினால் அந்த வரைபடத்தை நம்பலாம். ஒவ்வொரு டெசிபலுக்கும் பரப்பு தாறுமாறாக ஏறி இறங்கினால், அந்தப் படத்தில் தண்ணீரும் நிலமும் சரியாகப் பிரியவில்லை என்று பொருள். இதைவிட எளிய சோதனை வேறில்லை. ஆனால் அதைச் செய்து முடிவை வரைபடத்தின் கீழே எழுதுபவர்கள் குறைவு.

"முன்" என்பதிலும் ஒரு கண்ணி இருந்தது. இடாய் மார்ச் மாதத் தொடக்கத்திலேயே காற்றழுத்தத் தாழ்வாக வடக்கு மொசாம்பிக்கையும் மலாவியையும் தொட்டு, அங்கே வெள்ளத்தை ஏற்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பி, புயலாகி, பிறகுதான் பெய்ராவுக்கு வந்தது. பெய்ராவுக்கு மார்ச் முதல் வாரப் படம் நல்ல "முன்". மலாவிக்கு அதே வாரம் ஏற்கெனவே வெள்ளம். அங்கே அதை "முன்" என்று வைத்துக் கழித்தால், இரண்டு படத்திலும் தண்ணீர் நிற்கும் இடம் "மாற்றம் இல்லை" என்று விடுபட்டுவிடும். பல மாதங்களின், முடிந்தால் முந்தைய ஆண்டின் இதே பருவத்தின் படங்களைச் சேர்த்து "முன்" தயாரிப்பது பாதுகாப்பானது.

பிறகு துப்புரவு. ஆண்டில் பத்து மாதத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடங்களை, முப்பதாண்டுக்கும் மேலான லேண்ட்சாட் படங்களிலிருந்து தயாரான உலக நீர்ப்பரப்பு வரைபடத்தின் துணையோடு நீக்குகிறார்கள். சரிவான நிலத்தில் தண்ணீர் நிற்காது என்பதால் மலைச்சரிவுகளும் நீங்கும். எட்டுக்கும் குறைவான பிக்சல்கள் ஒட்டிக் கிடக்கும் திட்டுகளைச் சத்தம் என்று கருதி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவதுதான் வெள்ளம் என்று நீல நிறத்தில் அச்சாகிறது.

இத்தனை செய்த பிறகும் வரம்பு முறைக்கு எட்டாதவை உண்டு. முதலாவது காற்று. நீர்ப்பரப்பு அமைதியாக இருந்தால்தான் இருளும். புயல் வீசும் நேரத்திலேயே செயற்கைக்கோள் மேலே வந்தால், அலையடிக்கும் வெள்ளம் வயல் அளவுக்கு வெளுத்துத் தெரியும்; வரம்பு அதை நிலம் என்றே எடுத்துக்கொள்ளும். பெரிய நீர்ப்பரப்பின் நடுவே கோடு கோடாகவோ திட்டுத் திட்டாகவோ "நிலம்" தோன்றினால் காற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். பக்கத்தில் நன்கு தெரிந்த ஏரி ஒன்று அன்றைய படத்தில் இருண்டிருக்கிறதா என்று பார்த்தாலே விடை கிடைக்கும்.

இரண்டாவது, தண்ணீரில் நிற்கும் மரமும் கட்டடமும். அலை தண்ணீரில் பட்டு, அங்கிருந்து மரத்தண்டிலோ சுவரிலோ மோதி, நேராக வந்த வழியே திரும்பிவிடும். அப்போது வெள்ளம் வந்த இடம் இருள்வதற்குப் பதிலாக முன்னைவிட வெளுக்கும். கீழே இறங்கியதை மட்டும் தேடும் வரம்புக்கு இது தலைகீழ் செய்தி.

சென்னைவாசிகளுக்கு இது வெறும் கோட்பாடு அல்ல. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் முடிச்சூரிலும் தண்ணீர் வீடுகளின் முதல் மாடியைத் தேடி ஏறியது. அந்தத் தெருக்களின் அகலம் பத்து மீட்டர் இருந்தாலே அதிகம். சென்டினல்-1 படத்தில் ஒரு பிக்சலும் அவ்வளவுதான். இரண்டு பக்கமும் சுவர்கள்; ஒரு பக்கச் சுவரின் பளிச்சிடலும் மறுபக்கச் சுவரின் நிழலும் தெருவை மூடிவிடும். தெருவில் போட்ட தார் நனையாமலே இருண்டு தெரியும் பொருள். ஆகவே அதன்மேல் நிற்கும் தண்ணீரால் புதிதாக எந்த இறக்கமும் ஏற்படாது. இப்படிப்பட்ட நகரத்தில் வரம்பு முறையால் வரைந்த வரைபடம் ஏரிகளின் பெருக்கத்தையும் புறநகர் வயல்வெளிகளையும் சரியாகக் காட்டும்; மக்கள் மொட்டை மாடியில் நின்ற தெருவை வெள்ளையாக விட்டுவிடும். அந்த வெள்ளையை "இங்கே வெள்ளம் இல்லை" என்று யாராவது படித்தால், நிவாரணப் பட்டியலிலிருந்து ஒரு தெருவே விடுபடக்கூடும்.

மூன்றாவது, நேரம். சென்டினல்-1 ஒரே பாதைக்குத் திரும்பிவர 12 நாள் ஆகும். இரண்டு செயற்கைக்கோள்கள் இருந்தால் ஆறு நாள். சென்னை வெள்ளத்தின்போது ஒன்றுதான் விண்ணில் இருந்தது. இடாயின்போது இரண்டு இருந்தன. அவற்றில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகி, அதற்கு மாற்று 2024 டிசம்பரில்தான் மேலே போனது. நகரத்து வெள்ளம் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். செயற்கைக்கோள் வந்து பார்க்கும்போது சேறுதான் மிஞ்சியிருக்கும். வரைபடம் காட்டுவது உச்ச வெள்ளத்தை அல்ல, படம் எடுத்த அந்த நொடியின் வெள்ளத்தை. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் இந்தக் குறையை ஓரளவு தணிக்கும். அதுவும் 12 நாள் சுற்றுதான் என்றாலும், கூடுதலாக ஒரு கண் சேர்கிறது. அதன் 24 சென்டிமீட்டர் நீண்ட அலை இலைகளை ஊடுருவிப் போவதால், மரங்களுக்கு அடியில் நிற்கும் தண்ணீரையும் ஓரளவு சொல்லும்.

இந்தக் குறைகளைக் காரணம் காட்டி ரேடார் வரைபடத்தை ஒதுக்கக் கூடாது. பெய்ராவின் சமவெளி போன்ற திறந்த நிலத்தில், படம் கைக்கு வந்த சில மணி நேரத்தில், ஒரு மாவட்ட அலுவலகக் கணினியிலேயே இதைச் செய்து முடிக்கலாம், படங்கள் இலவசம். தேவைப்படுவது, தெரியாததைத் தெரியாது என்று வரைபடத்திலேயே சொல்லும் பழக்கம். ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் திட்டம் 2021 முதல் உலகமெங்கும் எடுக்கப்படும் சென்டினல்-1 படங்களைத் தானாகவே அலசி வெள்ள வரைபடம் தருகிறது. மூன்று தனித்தனி முறைகள் ஓடி, பெரும்பான்மை சொல்வதை எடுத்துக்கொள்கிறது. அதோடு, ரேடாரால் எதுவும் சொல்ல முடியாத இடங்களை, அதாவது நகரம், அடர்ந்த காடு, மலை நிழல் ஆகியவற்றைத் தனியாகக் குறித்துக் காட்டுகிறது.

நம் ஊரில் வெள்ளத்துக்குப் பிறகு வெளியாகும் ஒவ்வொரு வரைபடத்திலும் இந்த மூன்றாவது நிறம் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நீலம் தண்ணீர், வெள்ளை நிலம், சாம்பல் தெரியாது. கீழே படம் எடுத்த தேதியும் மணியும், வைத்த வரம்பும் இருக்க வேண்டும். இவை இல்லாத வரைபடத்தில் உங்கள் தெரு வெள்ளையாக இருந்தால், அதை ஆதாரமாக ஏற்க வேண்டாம். தண்ணீர் நின்ற சுவர்க்கறையை அளந்து, தேதியோடு எழுதிக் கொடுங்கள்.